‘ங்க’ இல்லாத பாப்-அப்

பீளமேட்டில் தண்ணீர் பம்ப் தயாரிக்கிற கம்பெனி ஒன்றின் டிராயிங் செக்ஷனில் சேர்ந்தபோது, இன்னும் ஆறு மாதத்தில் இந்த செக்ஷனையே நான் தலைகீழாக்கிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். கொடுத்தது ஒரு சுழல் நாற்காலி. காலை ஒன்பது மணிக்கு அதில் உட்கார்ந்தால் பம்ப்பின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று வரைந்துகொண்டே இருக்கவேண்டும். ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைக்கிற மெஷினை வரைகிற நாங்கள் ஒருவரும் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டேன். பார்த்துச் சிரித்துவிட்டு நானும் குடிக்கவில்லை.

அதிலும் என் பக்கத்து சீட் அக்கா தனி ரகம். மானிட்டரைப் பார்க்க ஆரம்பித்தால் கட்டடம் இடிந்தாலும் டிராயிங்கை சேவ் செய்துவிட்டுத்தான் ஓடுவார். மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கும். காலையில் நிறைந்து வரும், மாலையில் நிறைந்தே போகும்.

“ஏனுங்க்கா, அதெதுக்கு டெய்லி சொமந்துட்டு வாறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஊட்ல கருவேப்பலச் செடி இருக்குதல்லோ, அதுக்கு ஊத்தறேன். நல்லா தழையுது” என்றார், தலையைத் திருப்பாமலே.

செடி தழைத்தது. அக்கா ஒரு வாரம் லீவு போட்டார். திரும்பி வந்தவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

“கிட்னில கல்லுடா கண்ணு. ஒண்ணு எறங்கிருச்சு. அது எறங்கறதுக்குள்ள உசுரு போயிட்டு வந்துச்சு. இன்னொண்ணு பொடிசா இருக்குதாம். நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடிச்சிட்டே இருந்தா அதுவும் தானா போயிருமாம். மூணு மாசங்கழிச்சு ஸ்கேன். அது வளந்துச்சுன்னா மறுக்கா ஆஸ்பத்திரிதான்.”

“அப்ப குடிங்க்கா.”

“குடிக்கோணும்னு நெனப்பு வந்தாத்தான? போன்ல அலாரம் வெச்சேன். அடிச்சது எனக்கே தெரியலடா. கை பாட்டுக்கு அமத்திப்போடுது.”

எனக்குக் கை துறுதுறுத்தது. கம்ப்யூட்டர் கோடிங் எழுதத் தெரிந்தவனுக்கு யார் கஷ்டத்தைப் பார்த்தாலும் அது ஒரு புரோகிராமாகத்தான் தெரியும். மதிய சாப்பாட்டு நேரத்தில் இருபது வரி எழுதினேன். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை திரையின் நட்டநடுவில் சிவப்பாக ஒரு பெட்டி வரும், கூடவே ‘டிங்’ என்று ஒரு சத்தம். பெட்டிக்குள் என் சொந்தச் சரக்கு: “எந்திரி! எத்தன நேரம் உக்காந்திருப்ப? தண்ணி குடி!”

அக்காவின் கம்ப்யூட்டரில் போட்டேன். எனக்கும் போட்டுக்கொண்டேன். எதிர் சீட்டில் கருமத்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற நண்பன் ஒருவன் இருந்தான். அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவனுக்கும் போட்டுவிட்டேன்.

அன்று மாலையே அடி விழுந்தது. எங்கள் வரைபட சாஃப்ட்வேரில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் என்டர் தட்டியது மாதிரி. எல்லோரும் நிமிஷத்துக்கு நாலு முறை கட்டைவிரலால் அதைத் தட்டிக்கொண்டே இருப்போம். அக்கா, பம்ப்புக்குள் சுழல்கிற இம்பெல்லர் சக்கரத்துக்கு 125 என்று ஓர் அளவை அடித்துக்கொண்டிருக்கும்போது என் பெட்டி குதித்திருக்கிறது. ஒன்றும் இரண்டும் டிராயிங்கில் விழுந்தன. ஐந்து என் பெட்டிக்குள் விழுந்தது. ஸ்பேஸ் தட்டியதும் பெட்டி மூடிக்கொண்டது. இன்னொருமுறை தட்டினார், அளவு பன்னிரண்டாகிவிட்டது. பெட்டி வந்ததையே அவர் பார்க்கவில்லை. பம்ப் ஏன் திடீரென்று இப்படிச் சூம்பிப்போனது என்றுதான் திகைத்துக்கொண்டிருந்தார்.

“உன்ற ரிமைண்டரு எனக்கு தண்ணியும் குடுக்கல, இருந்த வேலையும் கெடுத்துப்போட்டுது” என்றார்.

“பீட்டா வெர்ஷனுங்க்கா” என்றேன், வெட்கமே இல்லாமல்.

மறுநாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். எங்கள் மேனேஜர் ஒரு டிராயிங்கைச் சரிபார்க்க அக்காவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். டீ கொண்டுவருகிறவரைக்கூட ‘வாங்க, வெய்யிங்க’ என்று சொல்கிற மனிதர். அவரிடம் யாரும் ஒரு வாக்கியத்தில் இரண்டு ‘ங்க’வுக்குக் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மானிட்டருக்கு அருகில் குனிந்த நேரம் பார்த்து, டிங்.

எந்திரி! எத்தன நேரம் உக்காந்திருப்ப?

மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

அவர் கோபத்தில் எழவில்லை. ஸ்கூலில் வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுவோமே, அப்படி உடம்பு தானாக எழுந்துவிட்டது. எழுந்த பிறகுதான் தான் ஏன் எழுந்தோம் என்று யோசித்தார்.

“யாருங்க இது… எந்திரிங்கறது?”

“கம்ப்யூட்டருங்க சார்” என்றான் கருமத்தம்பட்டிக்காரன். குசும்பு பிடித்தவன், முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

“கம்ப்யூட்டருக்கு இத்தன வாய் ஆருங்க வெச்சது?”

எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. சாயங்காலத்துக்குள் எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அக்காதான் குறுக்கே வந்தார்.

“சார், அது எனக்காக வெச்சதுங்க. எடுத்துப்போட்டீங்கன்னா நான் மறுக்கா பழையபடி உக்காந்துக்குவனுங்க.” கல் விஷயம், ஸ்கேன் விஷயம் எல்லாவற்றையும் சொன்னார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “செரி. திங்கக்கெழம வரைக்கும் பாருங்க தம்பி. வேலைக்கு எடஞ்சலில்லாம வரோணும். வந்துச்சுன்னா இருக்கட்டும். இல்லீன்னா எடுத்துப்போடோணும்.”

முதல் வேலையாக ‘ங்க’வைச் சேர்த்தேன். “ஏனுங்க, சித்த எந்திரிச்சு தண்ணி குடிச்சுப்போட்டு வாங்க.” படிக்கவே இனித்தது. முதல்முறை வந்தபோது சிரித்தேன். மூன்றாம் முறை உச்சுக் கொட்டினேன். ஆறாம் முறை மானிட்டரை அறையக் கை ஓங்கினேன்.

“முன்ன மரியாதையில்லாம நச்சரிச்சுது. இப்ப மரியாதையா நச்சரிக்குது. அவ்வளவுதான்டா வித்தியாசம்” என்றான் எதிர் சீட்டுக்காரன்.

அன்று மத்தியானம் அக்கா ஏதோ கையெழுத்துக்கு மேனேஜர் கேபினுக்குப் போனார். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போகவில்லை, கூப்பிடவும் இல்லை. வாசலில் கண்ணில் படுகிற மாதிரி ஓரமாக நின்றார். போனை வைத்ததும், “ஏனுங்க சார்” என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அட, இந்த ஊரில் யாரும் ‘ங்க’வை வாயில் மட்டும் வைத்திருக்கவில்லை. நிற்கிற நிலையில் இருக்கிறது, காத்திருப்பதில் இருக்கிறது. என் பெட்டியோ கதவைத் தட்டாமல் அடுப்படிவரை போய்க்கொண்டிருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிங்காநல்லூரில் என் ரூமிலேயே கிடந்து மாற்றி எழுதினேன். நடுத்திரைப் பெட்டி போனது. கீழ் மூலையில் வெளிர்பச்சையில் ஒரு சின்னப் பட்டை வந்தது. சத்தம் கிடையாது. மூடுவதற்குப் பட்டனைத் தேட வேண்டாம், கொஞ்சநேரத்தில் தானே மறைந்துவிடும். முக்கியமாக, அது கீபோர்டைப் பிடுங்கிக்கொள்ளாது. அடிக்கிற எழுத்து அடிக்கிற இடத்திலேயே விழும்.

நேரம் ஆகிவிட்டது என்பதற்காக உடனே வரவும் கூடாது. இருபது நிமிஷத்தை முக்கால்மணி ஆக்கினேன். அது முடிந்தபிறகும், கீபோர்டும் மவுஸும் ஐந்து விநாடி சும்மா இருக்கிறதா என்று காத்திருக்கும். மனுஷன் ஒரு மூச்சு விடும்போதுதான் தலையைக் காட்டும். மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்திருந்தால் வராது. ‘அப்பறமுங்க’ என்று ஒரு பட்டன் உண்டு, தட்டினால் பத்து நிமிஷம் கழித்து வரும். ஐந்து நிமிஷம் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை என்றால், ஆள் எழுந்துபோயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணும். முந்தைய வெர்ஷன் டீ குடித்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தவரையும் எந்திரி என்று விரட்டியது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

உடம்பை அசைக்கச் சொல்வது இன்னொரு தலைவலி. நான் முதலில் எழுதியது ‘கைய மேல தூக்கி நல்லா சோம்பல் முறிங்க’. போனில் படித்துக்காட்டியதும் அக்கா அங்கிருந்தே திட்டினார்.

“அத்தன ஆம்பளைங்க முன்னாடி நான் கையத் தூக்கிட்டு நிக்கறதா? வேற வேலையில்ல உனக்கு?”

“அப்ப என்னதானுங்க்கா பண்ணுவீங்க?”

“தோள வேணா சுத்தறேன். கழுத்தத் திருப்பறேன். பிளாட்டர் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாறேன்.”

பிளாட்டர் என்பது பெரிய டிராயிங் ஷீட்டை அச்சடிக்கிற மெஷின், ஹாலின் அந்தக் கோடியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்குப் பொறி தட்டியது. ஒரு லிட்டர் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளர் மட்டும் கொண்டுவரச் சொன்னேன். குடிக்க வேண்டுமென்றால் எழுந்து நடந்தே ஆகவேண்டும். போகிற வழியில் தோளைச் சுற்றிக்கொள்ளலாம், ஷீட் எடுக்கப் போகிறார் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை மேனேஜர் சோதனைக்காக அக்காவின் சீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். பதினொரு மணியளவில் ஒரு டிராயிங்கை சேவ் செய்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூலையில் பட்டை வந்தது: “ஏனுங்க, ஒரு டம்ளர் தண்ணிங்க.” அவர் கவனிக்கவில்லை. அது மறைந்தது. மறுபடி வந்தபோது படித்தார். எழுந்து கேன் பக்கம் நடந்தார். குடித்துவிட்டு வந்து, “என்ற சிஸ்டத்துலயும் இதப் போட்டுவுடுங்க தம்பி. சத்தமில்லாம போடுங்க” என்றார்.

அதற்கப்புறம் அக்கா டம்ளரும் கையுமாகத்தான் திரிந்தார். ‘அப்பறமுங்க’ பட்டனை நாளுக்கு நாலு முறை தட்டினாலும் ஐந்தாம் முறை எழுந்து கேனுக்குப் போய்விடுவார். ஸ்கேன் நாள் நெருங்க நெருங்க அவரைவிட எனக்குத்தான் படபடப்பு. கல் போகவில்லையென்றால் என் புரோகிராம் ஃபெயில் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எவ்வளவு சின்னத்தனம் பாருங்கள், வலி அவருக்கு, மானம் எனக்கு.

ஸ்கேன் அன்று காலை அவர் லீவு. பத்தரை மணிக்கு மனசு தாங்காமல், “என்னாச்சுங்க்கா?” என்று மெசேஜ் போட்டேன். உடனே போன் வந்தது.

“டேய் கண்ணு, எனக்கு இப்ப எதையும் ஞாபகப்படுத்தாத! மொடா தண்ணி குடிக்கச் சொல்லிப்போட்டாங்க, வயிறு நெறைஞ்சாத்தான் ஸ்கேன்ல தெரியுமாம். பாத்ரூமும் போகக்கூடாதாம். முன்னால ஆறு பேரு! தண்ணின்னு யாராவது சொன்னீங்கன்னா நான் அழுதுபோடுவேன்!”

“தோளச் சுத்துங்க்கா.”

“வெய்டா போன!”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கருமத்தம்பட்டிக்காரன் மேசைமேல் விழுந்து சிரித்தான்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி போன். பின்னால் பஸ் ஹாரன், அக்காவின் குரலில் அவசரம்.

“கல்லக் காணோமாம்டா! டாக்டரு நல்லாத் தேடிப் பாத்துப்போட்டாரு. ஒண்ணுமில்லையாம். செரி, நான் மத்தியானமே ஆபீஸ் வாறேன், அந்த இம்பெல்லர் டிராயிங்க ஆரும் தொடாதீங்க, அளவெல்லாம் நானே போட்டுக்கறேன்.”