என் பெயருக்கு மூன்று பெருக்கல் குறி

தலைமையாசிரியை வகுப்பறைக்குள் வந்தால் இங்கே ஒரு பிள்ளையும் எழுந்திருப்பதில்லை. எட்டு வயதுப் பொடிசுகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே "ஹாய் இங்கெர்" என்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுகின்றன. எழுந்து நிற்கிற ஒரே ஆள் நான்தான். நார்வேயில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. மூளைக்குத் தெரிந்த சேதி இன்னும் முழங்காலுக்குப் போய்ச் சேரவில்லை. போடிநாயக்கனூரில் பன்னிரண்டு வருடம் பழக்கிய முழங்கால் இது. "வணக்கம் டீச்ச்சர்" என்று ராகம் போட்டு எழ வேண்டும், "உக்காரு" என்ற பிறகே உட்கார வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. ஆனால் ஒளிச்சேர்க்கையும் பானிப்பட்டுப் போரும் மறந்துபோய், இது மட்டும் அப்படியே இருக்கிறது.

பி.எட். படித்தபோது இதற்கு ஒரு பெயர் சொன்னார்கள்: மறைமுகப் பாடத்திட்டம். யாரை எங்கே உட்காரவைக்கிறார்கள், யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள், எதற்குத் தட்டிக்கொடுக்கிறார்கள், எதற்கு முறைக்கிறார்கள் என்பதையெல்லாம் வைத்து, அச்சிட்ட பாடத்துக்கு வெளியே பிள்ளைகள் தாமாகப் படித்துக்கொள்கிற பாடம். இதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பது பெரும்பாலும் வாத்தியாருக்கே தெரியாது. ஐந்து மதிப்பெண் கேள்வி. வரி பிசகாமல் ஒப்பித்து ஐந்தும் வாங்கினேன். ஒப்பித்தால் போதும், புரியத் தேவையில்லை என்பதும் அந்தத் திட்டத்தில் ஒரு பாடம்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஏழாம் வகுப்பில் நான் லீடர். டீச்சர் ஆபீஸ் ரூமுக்குப் போகும்போது, "ஏ ஈஸ்வரி, பேசுறவ பேரெல்லாம் எழுதி வையி" என்பார். அந்தப் பத்து நிமிடம் போடியை ஆண்ட ஜமீன் நான்தான். பேசினால் போர்டில் பெயர். திரும்பப் பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்க் கீற்று ஒன்று கைமாறினால் பெயர் அழிந்துவிடும். பள்ளிக்கு ஃபேன் வாங்கித் தந்த ஏலக்காய் வியாபாரியின் மகள் என்ன பேசினாலும் அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதாதே என்று யாரும் சொன்னதில்லை. டீச்சர் அவளை அடித்து நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். தண்ணீர் எடுப்பதும் வகுப்பைக் கூட்டுவதும் எப்போதும் ஹாஸ்டல் பிள்ளைகள். "அவளுகளுக்குப் பழக்கந்தானே" என்பார்கள். குடிமையியலில் சமத்துவம் படித்தது அவர்கள் கூட்டிய தரையில் உட்கார்ந்துதான்.

அந்த ஹாஸ்டல் பிள்ளைகளில் ஒருத்தி ராசாத்தி. அப்பா, அம்மா இருவருக்கும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை. திங்கட்கிழமை தோட்டத்து ஜீப்பு இறங்கி வர நேரமானால், அவளுக்குத் தாமதமாக வந்த குற்றம். ஐந்தாவது வரை மலையில் மலையாளத்தில் படித்தவள் என்பதால், போர்டில் இருப்பது பாதி விளங்காமல் பக்கத்தில் இருப்பவளிடம் "அது எந்தாடி?" என்று குசுகுசுப்பாள். நான் உடனே அவள் பெயரை எழுதுவேன். ஒரு நாள் நான்கு முறை கேட்டாள். நான்கு பெருக்கல் குறி போட்டேன். டீச்சர் வந்து பார்த்தார். "வாயாடி, வெளிய நில்லு." அறிவியல் பாடம் முழுக்க வராந்தாவில் நின்றாள். அதன் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எட்டாவது முடிந்ததும், "எனக்குப் படிப்பு ஏறல" என்று மலை ஏறிவிட்டாள். கேட்பது குற்றம் என்று பள்ளி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. எழுதுகிறவளுக்கு அடி விழாது என்று எனக்கு. இரண்டு பேருமே நன்றாகப் படித்துக்கொண்டோம்.

போன மாதம் வகுப்பாசிரியை மாரித், "பத்து நிமிடம் பார்த்துக்கொள், இந்த வார முறைக்காரன் எமில் உதவுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கே போர்டைத் துடைப்பது, மேசையை ஒழுங்குசெய்வது எல்லாம் வாரம் ஒரு பிள்ளை, முறை வைத்து. எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. லீடர் கிடைத்துவிட்டான் என்றுதான் பட்டது. வகுப்பு சலசலத்ததும் எமில் கையில் பேனாவைக் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொன்னேன்.

"எதற்கு?"

"மாரித் வந்து பார்ப்பதற்கு."

"அவர்கள் பேசினால் அவர்களிடமே சொல்லலாமே?"

"முதலில் எழுது, எமில். திரும்பப் பேசினால் பெருக்கல் குறி. இதில் என்ன கஷ்டம்?"

அவன் நியாயஸ்தன். போய் முதல் பெயராக 'ஈஸ்வரி' என்று எழுதினான். நான் திகைத்து "என்ன இது?" என்றேன், ஒரு பெருக்கல் குறி. "அழி" என்றேன், இன்னொன்று. "டேய்!" என்று தமிழில் கத்தினேன், மூன்றாவது. வகுப்பு சிரித்து உருண்டது. அந்தக் கதை அன்று மாலையே எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. பிள்ளைகளை ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கப் பழக்குகிறார்கள் என்று ஒரு பெற்றோர் பள்ளிக்குக் கடிதம் எழுதினார்.

என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. வேலை நிரந்தரமானால்தான் நானும் மகளும் இந்த ஊரில் இருக்க முடியும். இங்கெர் அறைக்குள் கூப்பிட்டு, காபி ஊற்றி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார். போடியில் தலைமையாசிரியர் அப்படிக் கேட்டால், வாயை மூடிக்கொண்டு தலையைக் குனி என்று பொருள். குனிந்தேன். "தப்புதான், இனிச் செய்ய மாட்டேன்" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் வாடியது.

"மன்னிப்பு எனக்கு வேண்டாம், ஈஸ்வரி. உனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையென்றால், உன்னை நம்பி எப்படி வகுப்பை விடுவேன்?"

போடியில் பேசியதற்கு வெளியே நிறுத்துவார்கள். இங்கே பேசாததற்கு நிறுத்தப்போகிறார்கள்! ராசாத்தி கதையை முழுக்கச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, கோபமும் வந்தது. அந்த வேகத்தில், "உங்கள் பள்ளியும் எழுதாத பாடம் நடத்துகிறது" என்று போட்டு உடைத்தேன். இந்தப் பள்ளியில்தான் என் மகளும் படிக்கிறாள். எலுமிச்சைச் சாதம் கொண்டுவராதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள், டீச்சர் அன்பாகச் சன்னலைத் திறந்துவிட்டார். மூன்றாம் வாரம் அவளே ரொட்டியும் சீஸும் கேட்டாள். இங்கெர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் என் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் அந்தச் சன்னலைப் பற்றி நான்தான் பேச வேண்டுமாம். வினையை விலைக்கு வாங்கிவிட்டேன்.

கையெழுத்தான அன்றே ராசாத்திக்கு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். இப்போதும் மலையில் ஏலக்காய் எடுக்கிற சோலிதான் அவளுக்கு. இத்தனை வருடத்தில் ஆடி, ஆவணி, கல்யாணம், காதுகுத்து எல்லாம் பேசியிருக்கிறோம். அந்தப் போர்டைப் பற்றி மட்டும் பேசியதில்லை. "மன்னிச்சிரு" என்று முடித்திருந்தேன். சிரித்துக்கொண்டே பதில் அனுப்பியிருந்தாள்.

"அந்தப் பய சரியாத்தான்டி எழுதிருக்கான். எனக்கு நீ நாலு போட்ட, உனக்கு அவன் மூணுதான் போட்டுருக்கான். இன்னொண்ணு பாக்கி. சரி, ஜீப்பு வந்துருச்சு, போறேன்."

மறுநாள் பிள்ளைகள் போன பிறகு, வெள்ளைப் பலகையில் தமிழில் என் பெயரை எழுதி, நான்கு பெருக்கல் குறி போட்டேன். பேனாவை வைத்துவிட்டு, பிள்ளைகளின் ஈரக் காலணிகள் காயும் நடைவழிக்குப் போய்ச் சுவரோரம் நின்றேன். திறந்த கதவு வழியே பலகை தெரிந்தது. எழுதியவளும் நான், வெளியே நிற்பவளும் நான். உள்ளே வா என்று சொல்லத்தான் ஆள் இல்லை.