மூன்றாவது கூற்று

எங்கள் பயிற்சி மையத்தில் அவளுக்கு அகராதி என்று பேர். வாய்த்துடுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பேசினால் காசு கேட்பார்களோ என்பதுபோல் இருப்பாள். வங்கித் தேர்வுக்கு வேண்டிய சொற்களையெல்லாம் சின்னச் சின்னச் சொற்பட்டியல்களாகப் பிரித்து எழுதுவதுதான் அவள் வேலை. நான் அங்கே கணக்கு வாத்தியார். கணக்கைத் தவிர மற்றதெல்லாம் மனப்பாடம் என்று இளக்காரமாகப் பேசித் திரிந்தவன்.

அவள் அகரவரிசையில் அடுக்க மாட்டாள். பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அடுக்குவாள். மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் ரெப்போ வட்டி ஒரு தாளில். வங்கிகளிடம் மிஞ்சியதை அது வாங்கி வைத்துக்கொள்ளும் ரிவர்ஸ் ரெப்போ இன்னொன்றில். மக்கள் போட்ட டெபாசிட்டில் கட்டாயமாக ஒதுக்க வேண்டிய சிஆர்ஆர், எஸ்எல்ஆர் இரண்டும் வேறொன்றில். ஒரு தாளில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் இருக்காது.

கீழே ஒரு பயிற்சியும் வைப்பாள். வேண்டுமென்றே தப்பாக ஒரு வரி எழுதி, பிள்ளைகளைத் திருத்தச் சொல்வாள். அவர்கள் எழுதியதை இவள் உட்கார்ந்து திருத்துவாள். சாப்பாட்டு நேரத்தில்கூட ஒரு கையில் சோறு, ஒரு கையில் சிவப்புப் பேனா.

"ஏம்மா, அந்தப் பேனாவையும் சேர்த்து முழுங்கிடாதே" என்பேன்.

"முழுங்கினாலும் செரிச்சிடும் சார்" என்பாள், தலை நிமிராமல்.

இத்தனைக்கும் அவளும் வருஷா வருஷம் அதே தேர்வை எழுதிக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு முறையும் கணக்குப் பகுதி காலை வாரும். போன வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிந்தது. அந்தத் தேர்வுதான் கடைசி வாய்ப்பு என்பது மையத்தில் எல்லோருக்கும் தெரியும். என் கௌரவத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, வகுப்பு முடிந்ததும் அவளுக்குத் தனியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே பிடித்துக்கொண்டாள். இந்த முறை வேலை வாங்கிவிடுவாள் என்று நானே அவள் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு எதற்கு அந்த வாய்!

முடிவு வந்த அன்று மையத்தில் ஒரே கூத்து. அவள் தாள்களைப் படித்தவர்களில் பாதிப் பேர் தேறியிருந்தார்கள். அவள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் குறித்த விடைகளும் சரியான விடைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"கணக்கு எப்படி?" என்றேன்.

"தாண்டிட்டேன் சார்."

"அப்புறமென்ன?"

"மொத்தத்துல ஒரு மார்க் குறையுது."

நான் திரையைப் பார்த்தேன். வங்கி அறிவுப் பகுதி. தவறான கூற்று எது என்று ஒரு கேள்வி. மூன்றாவது கூற்று: எஸ்எல்ஆர் முழுவதையும் ரொக்கமாக மத்திய வங்கியிடமே வைக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அது தப்பென்று சொல்லக்கூடியவள். அவள் குறித்திருந்ததோ, 'எதுவும் தவறில்லை'.

"அடிப்பாவி! மத்திய வங்கிகிட்ட ரொக்கமா வைக்கிறது சிஆர்ஆர் ஆச்சே. எஸ்எல்ஆரை வங்கி தன்கிட்டயே வச்சுக்கும். ரொக்கம், தங்கம், அரசுப் பத்திரம்னு எப்படி வேணா வைக்கலாம். நீ எழுதின தாளைப் படிச்சுத்தானே எனக்கே தெரியும்?"

"ஆமா சார். தேர்வு ஹால்லயும் அப்படித்தான் படிச்சேன். தப்பைப் பார்த்தேன், மனசுக்குள்ளேயே திருத்திட்டேன், அடுத்த வரிக்குப் போயிட்டேன். கடைசியில பார்த்தா எல்லாமே சரியா இருந்துச்சு."

சரியாகக் குறித்திருந்தால் ஒரு மதிப்பெண் கூடியிருக்கும். தப்பானதற்குப் பிடித்த கால் மதிப்பெண்ணும் மிஞ்சியிருக்கும். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நாற்காலியை உதைத்தேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

"அழுதுடும்மா, மனசு லேசாகும்" என்றேன்.

"வரலையே சார். ஒண்ணுமே தோணல. யாருக்கோ வந்த முடிவு மாதிரி இருக்கு." கணினியை அணைத்தாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா என் முகத்தையே பார்த்துக்கிட்டிருப்பாங்க."

சொன்னேன். அந்தம்மா எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் மத்திய வங்கி ரெப்போ வட்டியை மாற்றியது. அவள் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதி, தாளை நகலெடுக்க அனுப்பினாள். முதலாளி அவளைப் பாராட்டினார். அவள் "சரி சார்" என்றாள். இப்போதெல்லாம் எதற்கும் அதே "சரி சார்"தான்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நேற்று தாளை வாங்கிப் புரட்டினாள்.

"எவ்வளவு சுலபமா புரியுது! அக்கா, நீங்க எந்த பேங்க்ல வேலை பார்க்கறீங்க?"

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எந்த பேங்க்லயும் இல்லம்மா" என்றாள் அவள். "அடுத்த தாள் வேணுமா?"