பரணி மெஷினில் ஓடுகிறது

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஐந்து பேர் உட்கார்ந்து மொபைல் கேம் செய்கிறார்கள் என்று சொன்னால் ஊரில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். மீதிப்பேர், "அங்க இன்னா வேலை, வெளையாடறதா?" என்று கேட்பார்கள். அந்த ஐவரில் மூத்தவன் பரணி. வயது முப்பத்தாறு. டிப்ளமோ முடித்து, ஒன்பது வருஷம் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய் வந்தவன். நான்கு மணி நேரம் ரயிலிலேயே கழிகிற அந்தப் பிழைப்பு போதும் என்று, ஜோஸ் ஊரிலேயே கம்பெனி ஆரம்பித்த அன்றைக்கே வந்து சேர்ந்தான்.

அவர்கள் செய்துகொண்டிருந்த கேமுக்குப் பெயர் 'கர்ச்சீப்'. காலை ரயில் பிளாட்பார்முக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை எறிந்து சீட்டுப் பிடிக்க வேண்டும். இந்த ஊர்க்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விளையாட்டு.

பரணிக்குப் புரோகிராம் எழுதுவதுதான் வேலை. ஆனால் அவனுடைய கௌரவம் வேறொன்றில் இருந்தது. பில்ட் போடுவது. ஆளாளுக்குச் செய்த படம், சத்தம், புரோகிராம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, போனில் ஓடுகிற ஒரே கேமாகக் கட்டி எடுப்பதற்குத்தான் பில்ட் என்று பெயர். ஐந்து வருஷமாக அது பரணியின் கம்ப்யூட்டரில் மட்டும் நடந்தது. மற்றவர்கள் மெஷினில் போட்டால் ஏதாவது ஒன்று உடையும். பரணி போட்டால் ஓடும். படம் வரைகிற ரூபேஷ் வெள்ளிக்கிழமைதோறும் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ணா, உங்க கை ராசி" என்பான். அன்றைக்கு முழுக்க பரணியின் நடை வேறு மாதிரி இருக்கும்.

இந்த ராசியின் மேல்தான் பவ்யா வந்து கை வைத்தாள்.

பூதிகோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். வயது இருபத்து நான்கு. சேர்ந்து ஐந்து மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளாகவே ஒருநாள், மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்து, ஒரு ஏற்பாட்டைச் செய்தாள். யாராவது தன் வேலையைப் பொதுக் கிடங்கில் சேர்த்தால், அதைக் கமிட் என்பார்கள், அந்த மெஷின் உடனே எழுந்துகொள்ளும். எல்லாவற்றையும் புதிதாக ஒரு காலி ஃபோல்டரில் இறக்கும். கேமின் ஒவ்வொரு காட்சியையும், அவர்கள் பேச்சில் சீனையும், திறந்து ஏதாவது அறுந்திருக்கிறதா என்று பார்க்கும். அறுந்திருந்தால் நின்றுவிடும். இல்லையென்றால் பில்ட் போடும். இருபது நிமிஷத்தில் எல்லாருடைய போன் குரூப்பிலும் செய்தி விழும். நன்றாயிருந்தால் பச்சை, உடைந்திருந்தால் சிவப்பு. கீழே கமிட் செய்தவர் எழுதிய குறிப்பு, அதற்கும் கீழே அவர் பெயர்.

ஜோஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இன்னா பொண்ணுப்பா! இத அஞ்சு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கலாமே!" என்றார். சாதாரணமாகச் சொன்னதுதான். பரணிக்கு அது நேரே தன் முகத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு வயிற்றெரிச்சல். மரியாதையான வார்த்தை தேடிப் பிரயோஜனமில்லை, பொறாமைதான். ரூபேஷ் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பது நின்றுபோனது. போனைப் பார்த்து "பச்சை" என்று சொல்லிவிட்டு டீக்குப் போனான். பவ்யா சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று பட்டது. சிரிக்காவிட்டால் தலைக்கனம் என்று பட்டது. வீட்டில் மனைவி சுனிதா, "அந்தப் பொண்ணு உங்கள இன்னா பண்ணுச்சு?" என்று கேட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் பண்ணவில்லை. அதைச் சொல்லப் பிடிக்காமல் சாம்பாரில் உப்பில்லை என்றான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பரணி, பிளாட்பார்ம் சீனில் வருகிற டிக்கெட் பரிசோதகருக்குப் புரோகிராம், அவர்கள் பேச்சில் ஸ்கிரிப்ட், எழுதி முடித்தான். தன் மெஷினில் ஓட்டிப் பார்த்தான். பரிசோதகர் ஜம்மென்று நடந்து வந்து, டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தார். கமிட் செய்தான். அடுத்த நாள் காலை பதினொரு மணிக்குச் கேமை வெளியிடப்போகிற சென்னைப் பதிப்பாளர்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள். இது கடைசி வேலை.

பத்து நிமிஷத்தில் குரூப்பில் சிவப்பு விழுந்தது. 'பிளாட்பார்ம் சீன்: ஸ்கிரிப்ட் காணவில்லை. கமிட்: பரணி.'

அந்த ஏற்பாடு வந்ததிலிருந்து அவன் பெயரில் விழுந்த முதல் சிவப்பு அது. ரூபேஷ் போனைப் பார்த்து, "அடடே, ணா!" என்று சிரித்தான். விளையாட்டாகத்தான். பரணிக்குக் காது சூடாகிவிட்டது.

"அது தப்பாக் காட்டுது. என் மெஷின்ல ஓடுது" என்றான்.

பவ்யா எழுந்து வந்தாள். "ணா, நான் ஒருவாட்டி பாக்கட்டா?"

"வேணாம்மா. உன் வேலயப் பாரு."

அவள் போய்விட்டாள். பார்க்க விட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேம் கட்டுவதற்கு அவர்கள் வைத்திருந்த மென்பொருளில், அதாவது எஞ்சினில், ஒவ்வொரு ஃபைலுக்கும் கூடவே ஒரு குட்டி ஃபைல் இருக்கும், அதில் அதற்கான அடையாள எண். சீன்கள் ஒரு ஃபைலை அடையாளம் காண்பது பெயரை வைத்தல்ல, அந்த எண்ணை வைத்து. பரணி ஃபைலைச் சேர்த்தான், குட்டியைச் சேர்க்க மறந்தான். குட்டி வராவிட்டால் அடுத்தவர் மெஷினில் எஞ்சின் புது எண் ஒன்றைத் தானாகப் போட்டுக்கொள்ளும், சீன் பழைய எண்ணைத் தேடித் திண்டாடும். பரணியின் மெஷினில் குட்டி பத்திரமாக இருந்தது, ஆகவே அங்கே எல்லாம் ஓடியது. ஐந்து வருஷக் கை ராசிக்கும் இதேதான் காரணம். மறந்துபோன ஃபைல்கள் எல்லாம் அவனிடமே இருந்தன. இது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் பொறாமை பிடித்தவன் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் யோசிப்பான்.

அந்த ஏற்பாட்டில் பவ்யா ஒரு பட்டியல் வைத்திருந்தாள். பாதி வேலையில் இருக்கிற சீன்களை அதில் எழுதிவிட்டால், மெஷின் அவற்றைச் சோதிக்காமல் விட்டுவிடும். யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம். பரணி அதைத் திறந்து, பிளாட்பார்ம் சீனின் பெயரைச் சேர்த்தான். கமிட் குறிப்பில் 'சிறு திருத்தம்' என்று எழுதினான்.

இருபது நிமிஷத்தில் பச்சை விழுந்தது. "பாத்தியா?" என்றான் ரூபேஷிடம். ஜோஸ் அந்தப் பச்சை பில்டை அப்படியே சென்னைக்கு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு ஜோஸின் போன் அடித்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் முகம் மாறுவதை எல்லாரும் பார்த்தார்கள். வெளியே வந்தார். "பிளாட்பார்ம்ல பரிசோதகர் செலை மாதிரி நிக்கறாராம். கேம் அதுக்கு மேல நகரவே இல்லையாம். அவங்க கிட்ட ரெண்டு மணி நேரம் கேட்டிருக்கேன். பவ்யா, பச்சைன்னுதானே காட்டுச்சு உன் மெஷின்?"

பவ்யா வெளிறிப்போனாள். "பாக்கறேன் சார்."

"நீ பாத்தது போதும். பரணி, நீ கையால போடு."

ஆக, அவன் நாள் வந்துவிட்டது. பரணி தன் மெஷினில் பில்ட் போட்டான். எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்கள். போனில் போட்டுப் பார்த்தால் பரிசோதகர் நடந்தார், பிடித்தார், கேம் நகர்ந்தது. ரூபேஷ் கை தட்டினான். ஜோஸ் அவன் தோளைத் தட்டி, "மனுஷன் மனுஷன்தான்பா" என்றார். மூன்று மாத எரிச்சல் அந்த ஒரு தட்டில் ஆறியது. பரணி நிஜமாகவே சந்தோஷப்பட்டான், வெட்கமில்லாமல்.

சென்னைக்காரர்களுக்குப் புது பில்ட் போனது. சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லார் முன்னாலும் ஜோஸ் சொன்னார்: "திங்கக்கெழமலேந்து அந்த மெஷின ஆஃப் பண்ணிடலாம். பழையபடி பரணியே போடட்டும். பவ்யா, உன் வேலைய நிரந்தரமாக்கற விஷயம், இன்னும் மூணு மாசம் பாக்கலாம்மா. தப்பா நெனக்காத."

பவ்யாவின் மேஜை பரணிக்கு நேர் எதிரே. அவள் திரையில் கமிட் வரிசை திறந்திருந்ததை அவன் இங்கிருந்தே பார்த்தான். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று அதில் எல்லாமே இருக்கும். அவள் சுட்டி 'சிறு திருத்தம்' என்ற வரியில் நின்றது. பிறகு தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

இப்போது சொல்லிவிடுவாள் என்று பரணி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான். பதிலும் தயாராக இருந்தது.

"சரி சார்" என்றாள் பவ்யா, ஜோஸிடம். "அந்தப் பட்டியல எல்லாரும் மாத்தற மாதிரி வெச்சது என் தப்புதான்." உட்கார்ந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அது பரணியால் தாங்க முடியாததாகிவிட்டது. காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பான். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பான். கையில் இருந்ததை வீசாமல் கீழே வைத்துவிட்டாளே, அதிலும் இவள்தானா மேலே என்று அவனுக்குக் கோபம் பொங்கியது. அரை மணி நேரம் ஒரு வரி எழுதவில்லை. எதிரே அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் இரண்டு தரம் கேட்டது.

மூன்றரை மணிக்குப் பட்டியலைத் திறந்தான். பிளாட்பார்ம் சீனின் பெயரை அழித்தான். குட்டி ஃபைலையும் கூடவே சேர்த்துவிட்டால் நேராகப் பச்சை வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. அவன் விரல் அதன் மேல் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதைச் சேர்க்காமல், கமிட் குறிப்பை மட்டும் எழுதினான். எழுதி அழித்து, மறுபடி எழுதி, அனுப்பினான்.

பத்து நிமிஷத்தில் எல்லார் போன்களும் ஒரே நேரத்தில் முனகின. சிவப்பு.

'பிளாட்பார்ம் சீன்: ஸ்கிரிப்ட் காணவில்லை. குறிப்பு: நேற்று இந்த சீனைச் சோதனையிலிருந்து எடுத்தது நான். மெஷின் சரியாகத்தான் சொன்னது. உடைத்ததும் நான், மறைத்ததும் நான். கமிட்: பரணி.'

ரூபேஷ் போனைக் கவிழ்த்து வைத்தான். ஜோஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து, பரணியைப் பார்த்தார். ஆனால் கேள்வியைப் பவ்யாவிடம்தான் கேட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மத்தியானமே தெரியும் சார்."

"அப்ப ஏம்மா வாயத் தொறக்கல?"

பவ்யா பரணியைப் பார்க்கவில்லை. "அண்ணனே சொல்வாருன்னு நெனச்சேன்" என்றாள்.

பரணி குட்டி ஃபைலைக் கிடங்கில் சேர்க்கக் குனிந்தான். திரை மங்கலாகத் தெரிந்தது. அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கவே மாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. மூன்று மாதமாக அவளிடம் எதைப் பார்த்து எரிந்தானோ, அது எதுவும் இந்த மனசின் பக்கத்தில் நிற்காது. இப்போதும் பொறாமைதான், ஆனால் இதைப் பிடுங்கிக்கொள்ள ஒரு வழியும் இல்லை.