சின்னத்தாய் கேட்ட காரணம்

கோட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிப் பிழைப்பவன் நான். வருகிறவர்கள் அழுவார்கள், கெஞ்சுவார்கள். சின்னத்தாய் இரண்டும் செய்யவில்லை. செல்போனை என் மேசையில் வைத்து, "இதுல எங்கய்யா காரணம் இருக்கு?" என்றாள்.

பெண்களுக்கான மாத உதவித்தொகைக்கு அவள் போட்டிருந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி சொன்னது. 'தகுதி இல்லை' என்பதற்கு மேல் ஒரு எழுத்துக் கிடையாது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது என்றுதான் சொல்லவில்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இருபது வருடத்துக்கு முன் பிழைக்க வந்தவள் அவள். அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டையும் கறையும் தேடுவது வேலை. பஞ்சுத் தூசியில் மூச்சிரைப்பு வந்துவிட்டது. புருஷன் இல்லை. இன்ஹேலருக்கு அந்தத் தொகையைத்தான் நம்பியிருந்தாள்.

உள்ளே எழுத்தர் மகுடேஸ்வரனிடம் அவளை அழைத்துப்போனேன். மரியாதைக்காரர்.

"நாங்க ஒண்ணும் பண்ணலீங்க. கம்ப்யூட்டரே பாத்து இல்லைன்னு சொல்லிருச்சுங்க" என்றார்.

"என்னத்தப் பாத்துச்சு?"

"அது எங்களுக்கும் தெரியாதுங்களே."

"நான் ஒரு பனியனை ரிஜெக்ட் பண்ணா, எந்த இடத்துல பழுதுன்னு ஸ்டிக்கர் ஒட்டணும் சார். ஒட்டாமத் தள்ளுனா சூப்பர்வைசர் என்னையத் திட்டுவாரு. ஒங்க மிஷினுக்கு ஸ்டிக்கர் கெடயாதா?"

மகுடேஸ்வரன் தலையைச் சொறிந்தார். எத்தனை வருடமாக இந்த வாசலில், 'தயவுகூர்ந்து பரிசீலிக்கவும்' என்று எழுதித் தள்ளியிருக்கிறேன்! அன்று அந்த வரியை எழுதவில்லை.

அன்றே இரண்டு தாள் போட்டோம். ஒன்று மேல்முறையீடு, கெடு தப்பாமல் இருக்க. மற்றது பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனு. எந்தப் பதிவைப் பார்த்து, எந்த விதிப்படி தள்ளினீர்கள், அதிகாரி யாராவது சரிபார்த்தாரா என்று கேட்டோம். ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வது அலுவலகத்தின் கடமை என்று அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. அதையும் எழுதினேன்.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. அவள் ஆதாரோடு இணைந்த மின் இணைப்பில் ஆண்டுக்குப் பதினோராயிரத்து இருநூறு யூனிட். வரம்பு மூவாயிரத்து அறுநூறு. பட்டியல்களைக் கணினி ஒப்பிட்டுத் தள்ளியது. யாரும் நேரில் சரிபார்க்கவில்லை.

சின்னத்தாய் சிரித்துவிட்டாள். அவள் இருப்பது லைன் வீடு. பத்து ரூம், அரசாங்கக் கணக்கில் ஒரே மீட்டர். ஆதாரை இணைக்கச் சொன்ன வருடம், வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி முதல் ரூம்காரியான இவளுடையதை வாங்கி மின்வாரியத்தில் கொடுத்துவிட்டார். இவளும் கேட்டாரே என்று நீட்டிவிட்டாள். பத்துக் குடும்பத்து மின்விசிறியும் இவள் தலையில் சுற்றியது.

மேல்முறையீட்டு விசாரணைக்கு முந்தின சாயங்காலம், அவள் என் மேசையருகே இருந்தபோது வெள்ளியங்கிரி வந்தார்.

"மீட்டர் சமாச்சாரத்தை அங்க சொல்லாத கண்ணு. எனக்கு இ.பி.ல வம்பாயிரும். சொன்னீன்னா ஊட்டைக் காலி பண்ணிக்க."

"காலி பண்ணிக்கிடுதேன். ஆனா செய்யாத செலவுக்கு எம் பேரு அங்க நிக்கக் கூடாது."

எனக்குப் பயமாக இருந்தது. மூச்சிரைப்போடு வீடு தேடி அலைய வேண்டுமே என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னாள். வருவாய் ஆய்வாளர் நேரில் போய்ப் பத்து அடுப்பையும் எண்ணி அறிக்கை தந்தார். அடுத்த வாரம் மகுடேஸ்வரன் மலர்ந்த முகத்தோடு கூப்பிட்டார்.

"உங்களுக்குச் சரி ஆயிருச்சுங்க. அடுத்த மாசத்திலிருந்து பணம் வந்துருமுங்க. போன்ல மெசேஜ் வரும், போயிட்டு வாங்க."

சின்னத்தாய் எழுந்திருக்கவில்லை.

"மொதல்ல ஏன் இல்லைன்னீங்க, இப்ப ஏன் உண்டுங்கீங்க? ரெண்டையும் தாள்ல எழுதிக் குடுங்க. அடுத்த வருசம் உங்க மிஷின் மறுபடி அதே மீட்டரைத்தான பாக்கும்?"

"உங்களுக்குத்தான் கெடச்சிருச்சேங்க..."

"எனக்குக் கெடச்சிருச்சு. மிஷினுக்கு யாரு சொல்லுவா?"

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு முறை இன்ஹேலரை உறிஞ்சினாள். கடைசியில் கையெழுத்தும் முத்திரையும் வைத்து உத்தரவு வந்தது: பொது மீட்டர், தவறான இணைப்பு, ஆதாரை நீக்க மின்வாரியத்துக்குப் பரிந்துரை.

அந்த வார இறுதியில் அவள் ரூமைக் காலி செய்தாள். சாமான் ஏற்றிய ஆட்டோ என் மேசை முன் நின்றது. இறங்கியவள் உத்தரவின் ஐந்து நகல்களை நீட்டினாள்.

"எங்க கம்பெனியில இன்னும் அஞ்சு பேருக்கு அதே மெசேஜ் வந்திருக்குய்யா. நாளைக்கு வருவாளுக. வில்லை வாங்கி வையுங்க."