பெயர்ச் சங்கிலியில் வராதவள்

"பள்ளி திறந்த நாள். ஆறாம் வகுப்பு. பதிவேட்டில் முப்பத்திரண்டு, வந்தவர்கள் முப்பத்தொருவர்" என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. எல்லோரும் ஓரிக்கைத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள்.

நான் கையைத் தூக்கினால் பேச்சு நிற்க வேண்டும் என்று மூன்று முறை பழக்கினேன். பிறகு வட்டமாக உட்காரவைத்தேன். முன்னால் வந்த பெயர்களையெல்லாம் சொல்லிவிட்டுத் தன் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒன்பதாவது சிறுமி, வராதவளின் பெயரையும் சேர்த்தே சொன்னாள்.

"அவதான் வரலியேம்மா?"

"அஞ்சு வருஷமா அட்டெண்டன்ஸ்ல எனக்கு முன்னாடி அவ பேருதான் மிஸ். அத வுட்டுட்டா என் பேரு வர்ல."

"எங்க அவ?"

"பெங்களூரு போய்ட்டா மிஸ்," என்றான் ஒருவன்.

"பொய் சொல்றான் மிஸ். ஆத்துக்குப் போனா. திரும்பி வர்ல," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நான் கையைத் தூக்கவில்லை. வகுப்பு தானாகவே அடங்கிவிட்டது.

பெயரை நீக்குவதா என்று தலைமையாசிரியர் மாலையில் கேட்டார். சேர்க்கைப் படிவத்தில் இருந்த எண்ணை நான்கு முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. அவள் பெயரை இன்னும் வாசிக்கிறேன். அந்த இருவரில் யார் சொன்னது உண்மை என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.