ஆறு மாசத்து வலி

மலைக் கிராமமான கவுஞ்சியில் பூண்டு மூட்டை கட்டுவதில் மகாதேவியை மிஞ்ச ஆள் கிடையாது. கைப்பிடியளவு எடுத்தால் பெரும்பூண்டு ஒரு பக்கம், நடுப்பூண்டு ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்து விழும். ஆனால் மூட்டை கட்டும்போது மட்டும் ஒரு வித்தை செய்வாள். மூட்டை வாயில் நாலு கைப்பிடி பெரும்பூண்டு வைத்துத்தான் தைப்பாள். வடுகபட்டிச் சந்தையில் வியாபாரி வாயைப் பிரித்துப் பார்த்ததும் முகம் மலர வேண்டும் அல்லவா? இதைப் பொய் என்று சொன்னால் மலையில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஊர் முழுக்க அப்படித்தான் தைக்கிறது. வியாபாரிக்கும் அது தெரியும். அவன் கையை அடிவரை விட்டுத்தான் பார்ப்பான்.

டாக்டரிடம் பேசும்போதும் அவள் பெரும்பூண்டைத்தான் மேலே வைப்பாள். அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில், தன் தாய் சுந்தராம்பாளை நெஞ்செரிச்சல் என்று வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். "எத்தனை நாளா?" என்று கேட்டார்கள். "நேத்திலருந்து" என்று உள்ளதைச் சொன்னாள். நேற்றுதானே என்று நாலு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் தாய் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து மகாதேவி எந்த டாக்டரிடமும் 'நேற்று' என்ற சொல்லைச் சொன்னதில்லை. ஒரு நாளை ஒரு மாதமாக்குவாள். கொஞ்சம் பயந்துவிட்டால் ஆறு மாதமாக்குவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நிறையவே பயந்துவிட்டாள். அவள் புருஷன் செல்லப்பாண்டி திங்கள் மதியம் வரை லாரிக்கு மூட்டை ஏற்றிய மனிதன். ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வெள்ளனே ஊர்ச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். நர்ஸ் காளியாயி வலது அடிவயிற்றை ஒரு அழுத்து அழுத்தினாள், செல்லப்பாண்டி அலறினார். "இது இங்க வச்சுப் பாக்குற சோலி இல்ல மகாதேவி. வெரசா கீழ எறங்கு" என்று ஒரு சீட்டு எழுதி, வலிக்கு இரண்டு மாத்திரையை அந்தச் சீட்டிலேயே மடித்துக் கொடுத்தாள்.

பழனிக்கு ஜீப்பில் இறங்கி, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர், "வலி எவ்வளவு நாளா இருக்கு?" என்றார்.

"ஆறு மாசமாத் துடிக்கிறாருங்க!" என்றாள் மகாதேவி, கண்ணில் நீரோடு.

அவர் எழுதிக்கொண்டார். குடல்வால் வீங்கியிருக்கிறது என்று ஸ்கேன் சொன்னது. அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்து, ஆளும் பிழைத்துக்கொண்டார். பழனியாண்டவன் புண்ணியம் என்று அவள் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்த 'ஆறு மாசம்' அதற்குள் கேஸ் ஷீட்டிலிருந்து கிளம்பி எங்கெங்கோ போயிருந்தது அவளுக்குத் தெரியாது.

போன இடம் இன்சூரன்ஸ் கம்பெனி. செல்லப்பாண்டி பேரில் பாலிசி எடுத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. சேர்த்த அன்றே மகாதேவி செல்லப்பாண்டியின் போனில் இன்சூரன்ஸ் ஆப்பைத் திறந்து, அதிலிருந்த கார்டையும் ஆதாரையும் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேசையில் காட்டினாள். அந்த மேசையில் இருந்த சண்முகப்பிரியா, பணம் கட்டாமல் வைத்தியம் பார்க்க முன்அனுமதி கேட்டு கம்பெனிக்கு அனுப்பினாள். புதன் காலையில் பதில் வந்தது. அனுமதி அல்ல, கேள்வி.

"அக்கா, பாலிசி எடுத்தது அஞ்சு மாசம் முன்னாடி. வலி ஆறு மாசமா இருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காரு. அப்ப நோயை மறைச்சுப் பாலிசி எடுத்தீங்களான்னு கேக்குறாங்க" என்றாள் சண்முகப்பிரியா. "முதன்முதலா வலின்னு காட்டுன சீட்டு, பழைய வைத்தியப் பேப்பர் எல்லாம் கேட்டிருக்காங்க. டாக்டர் கடிதமும் வேணும். உங்க ஆப்லயும் இதே கேள்வி வந்திருக்கும். உங்ககிட்ட இருக்கிறதை அதுல ஏத்தலாம்."

மகாதேவிக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "நான் ஏத்திர்றேன் பாப்பா" என்று மட்டும் சொன்னாள்.

எட்டாவது வரை படித்தவள். போனில் படம் எடுத்து அனுப்புவதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. பேப்பர்களைக் கட்டில் ஓரத்தில் பரப்பினாள். எதை முதலில் வைப்பது? வழவழவென்றிருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை முதலில் வைத்தாள். அடுத்து நீளமான ரத்தப் பரிசோதனை, அதற்கடுத்து மருந்துக்கடை பில்களில் பெரிய தொகை உள்ளவை. மாத்திரை மடித்த காளியாயியின் சீட்டு, சேர்த்த அன்றைய பதற்றத்தில் யாரிடமும் காட்டாமலே, பைக்குள் கசங்கிக் கிடந்தது. மஞ்சள் கறை, ஒரு முத்திரை, நாலு வரி. கம்பெனிக்காரன் இதைப் பார்த்தால் நம்மை என்ன நினைப்பான் என்று அதை அப்படியே விட்டுவிட்டாள். மூட்டை வாயில் பொடிப்பூண்டை வைப்பார்களா யாராவது?

வியாழன் முழுக்க ஆப்பில் 'பரிசீலனையில்' என்றே காட்டியது. வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன கையோடு அடுத்த செய்தி வந்தது: முதல் சிகிச்சைச் சீட்டு கிடைக்கவில்லை, வலியின் காலம் பற்றி டாக்டர் விளக்கம் இல்லை, இன்று இரண்டும் வராவிட்டால் கேஷ்லெஸ் கோரிக்கை மூடப்படும்.

"மூடிட்டா?" என்று சண்முகப்பிரியாவிடம் கேட்டாள் மகாதேவி.

"பில்லை நீங்க கட்டிட்டுப் போய், பிறகு திரும்பக் கேட்டு எழுதலாங்கக்கா. ஆனா இந்தக் கேள்வி அப்பவும் நிக்கும்."

கட்டுவதென்றால் வீட்டில் அடுத்த நடவுக்கு வைத்திருந்த விதைப்பூண்டைத்தான் விற்க வேண்டும். விதையை விற்றுவிட்டால் வரும் போகம் நிலம் சும்மா கிடக்கும். கட்டிலில் செல்லப்பாண்டி கஞ்சியைக் குடித்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம் தான் ஏற்றிய மூட்டைக் கணக்கை அளந்துகொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. இந்த மனுஷன் ஒன்றும் செய்யவில்லை. செய்தது தன் வாய்.

"பாப்பா" என்றாள், மறுபடி சண்முகப்பிரியாவிடம் போய். "ஆறு மாசம்னு சொன்னது நாந்தான். அது பொய்யி. திங்கக்கெழம ராத்திரிதான் வலி வந்துச்சு."

சண்முகப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, இதை டாக்டர்கிட்டச் சொல்லணும். அவர் நம்பணும். இன்சூரன்ஸ் கேள்வி வந்ததுக்கு அப்புறம் எல்லாரும் நாளைக் குறைச்சுத்தான் சொல்லுவாங்க."

அப்படியே ஆயிற்று. ஆபரேஷன் செய்த டாக்டர் ஜெயமுருகன் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதாலேயே கறாரானவர். "அன்னிக்கு ஆறு மாசம். இன்னிக்கு ஒரு நாள். இன்சூரன்ஸுக்காக நான் கேஸ் ஷீட்டை மாத்த மாட்டேம்மா" என்றார். தாய் போன பிறகு முதல்முறையாக டாக்டரிடம் உண்மை சொல்கிறாள். அதைப் பொய் என்கிறார். இது என்ன நியாயம் என்று நமக்கே கோபம் வரும். ஆனால் மூட்டை வாயை மட்டும் பார்த்து நம்பாத வியாபாரி மாதிரி, அவரும் அடிவரை கையை விட்டுத்தானே பார்ப்பார்?

"மாத்த வேணாங்கய்யா. இதப் பாருங்க" என்று பையைத் திறந்தாள். மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, கசங்கிய சீட்டை மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்தாள். அதற்கடுத்து ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சேர்த்த அன்றைய குறிப்பு என்று ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து அடுக்கினாள். பூண்டு பிரிக்கும் கை, தடுமாறவில்லை.

டாக்டர் சீட்டைப் படித்தார். காளியாயியின் கோணல் எழுத்தில் தேதி, நேரம், முத்திரை எல்லாம் இருந்தன. 'நேற்று இரவு முதல் வயிற்றுவலி. முன்பு இல்லை. நேற்று மதியம் வரை சுமை ஏற்றினார். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு அனுப்பப்படுகிறார்.' பழனியில் வந்து சேர்வதற்கு ஐந்து மணி நேரம் முன்பே எழுதியது. இன்சூரன்ஸ் என்ற பேச்சே அப்போது எழவில்லை.

"இதை ஏம்மா மறைச்சு வச்சீங்க?"

"மறைக்கலங்கய்யா. அழுக்கா இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. "சரி. அன்னிக்கு ஏன் ஆறு மாசம்னு சொன்னீங்க?"

மகாதேவி தாயைப் பற்றிச் சொன்னாள். 'நேத்திலருந்து' என்று தான் சொன்னதையும், நாலு மாத்திரையையும், மூன்றாம் நாளையும் சொன்னாள். இதுவரை செல்லப்பாண்டியிடம்கூட அவள் இதை முழுதாகச் சொன்னதில்லை. டாக்டர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

பிறகு எழுதினார். உள்ளே கண்டது புதிதாக வந்த வீக்கம்தான், பழைய தழும்போ ஒட்டலோ இல்லை என்றும், சேர்க்கும்போது மனைவி சொன்ன காலம் தவறு என்று இப்போது தெரிவிக்கிறார், சுகாதார நிலையச் சீட்டும் அதையே காட்டுகிறது என்றும் எழுதினார். கேஸ் ஷீட்டில் பழையதை அடிக்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டையும் உள்ளபடி குறித்தார். "நீங்களும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றார்.

சண்முகப்பிரியாவின் மேசையில் உட்கார்ந்து எழுதினாள். 'பயத்தில் நான் பொய் சொன்னேன்' என்ற வரியை எழுதும்போது கை நின்றது. ஊர் பேர் தெரியாத எவனோ படிக்கப் போகிறான். படிக்கட்டும் என்று எழுதி முடித்தாள்.

இந்த முறையும் அடுக்கியது அவள்தான், ஆனால் வரிசை வேறு. காளியாயியின் சீட்டு எல்லாவற்றுக்கும் முன்னால். அதன் பின்னால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் கடிதம், அவள் கடிதம், கடைசியில் இனம்வாரியாகப் பிரித்த மொத்த பில்லும் தேதிவாரியாக மருந்து பில்களும். ஒவ்வொரு பக்கமும் நான்கு மூலையும் தெரிகிற மாதிரி படமெடுத்து ஆப்பில் ஏற்றினாள். ஆஸ்பத்திரி தன் பக்கத்திலிருந்தும் அதே வரிசையில் அனுப்பியது.

"என்ன புள்ள, வீட்டுக்குப் போக மனசில்லையா?" என்று செல்லப்பாண்டி இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"சும்மா கெடங்க" என்றாள்.

இரண்டரை மணி நேரம் கழித்து போன் கிணுகிணுத்தது. அனுமதி வந்துவிட்டது. கையுறை, பதிவுக் கட்டணம் மாதிரி பாலிசியில் வராத சில்லறைகளை மட்டும் அவள் கட்டினாள். சண்முகப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துத் தையலைக் காட்ட வந்தார்கள். அன்று காலை ஜீப்பில் இறங்கும்போதே செல்லப்பாண்டி தையல் ஓரம் சுருக்கென்கிறது என்று சொல்லியிருந்தார். டாக்டர் ஜெயமுருகன் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "வலி இருக்கா? எத்தனை நாளா?" என்று கேட்டார்.

மகாதேவியின் நாக்கு நுனியில் 'பத்து நாளா' என்பது தயாராக நின்றது. அவள் தன் தாயை நினைத்தாள். சேலை நுனியைக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

"இன்னிக்குக் காலையிலருந்துதாங்க" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளி, தையலைப் பார்க்க எழுந்து வந்தார்.