இருபத்தாறு கிலோ மூட்டையின் வரிக் குறியீடு

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தேன். ஆன்லைன் கடைகளில் எங்கள் அரிசியைப் பட்டியலிடுவது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், அந்த வேலையில் எனக்குக் கர்வமே இருந்தது.

நான் விடுப்பில் இருந்த நாளில் முதலாளியின் மருமகன் விலைகளைத் திருத்தி, மொத்தப் பட்டியலையும் தானே ஏற்றிவிட்டார். இருபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால்தான் எங்கள் மூட்டை இருபத்தாறு கிலோ. அதற்குரிய 'வரி இல்லை' குறியீட்டை அவர் கணினி அட்டவணையில் ஐந்து கிலோ, பத்து கிலோ பைகளுக்கும் இழுத்துவிட்டிருந்தார். அவற்றுக்கு ஐந்து சதவீத வரி உண்டு.

கணக்குத் தாக்கல் செய்யும்போது ஆடிட்டர் கண்டுபிடித்தார். வாங்கியவர்கள் திரையில் கண்ட விலையைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். இனி வரி ஆலையின் கையிலிருந்துதான் போக வேண்டும்.

"படிச்ச பொண்ணுன்னுதானே உன்னை வச்சேன்?" என்றார் முதலாளி.

"அன்னைக்கு நான் லீவுங்க ஐயா. ஏத்தினது மாப்பிள்ளைங்க."

"அரிசிக்கு ஏதும்மா வரி?" என்று மருமகன் சிரித்தார்.

"வாய் மட்டும் நல்லாப் படிச்சிருக்கு," என்றார் முதலாளி. "இனிமே எதுவானாலும் மாப்பிள்ளைகிட்ட காட்டிட்டு ஏத்து."

குறியீடுகளைச் சரிசெய்து, வரியும் அடங்கிய விலைகளைப் போட்டு, மருமகனிடம் காட்டினேன். அவர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல வரி எந்தக் கட்டம்?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"சரி, ஏத்து," என்று அனுமதி கொடுத்தார்.